ஐப்பசி மழையும் மூன்றாம் வகுப்பும்

தமிழகத்தின் கடலோர மாவட்டங்களில் பள்ளி ஆண்டின் நடுப்பகுதி வடகிழக்குப் பருவமழைக்கு உரியது. அக்டோபர் மூன்றாம் வாரவாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் இப்பருவத்தில்தான் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி பெய்கிறது. காவிரிப் படுகையின் கடலோரத்தில் இப்பங்கு அதனினும் பெரிது. புயலும் பெருமழையும் வரும் நாட்களில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிடுவதால் ஆசிரியருக்கு அந்நாட்களைப் பற்றிக் கவலை இல்லை. விடுமுறை அளவுக்கு எட்டாமல், காலையில் தூறலாகத் தொடங்கிப் பத்து மணிக்கு மேல் வலுத்து, மாலை வரை விட்டுவிட்டுப் பெய்யும் மழைநாட்களே தொடக்கப் பள்ளியைச் சோதிப்பவை. மைதானத்தில் கணுக்கால் அளவு நீர் நிற்கும்; விளையாட்டுப் பாடவேளை நடக்காது; ஆனால் குழந்தைகளும் அவர்களுடைய கால்களும் வகுப்பறைக்குள் இருப்பார்கள்.

இங்கே நினைவுகூரப்படுவது, நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் பல பருவங்களாகப் பார்த்தும் மாற்றியும் வகுத்துக்கொண்ட மழைநாள் முறையாகும். அவருடைய வகுப்பில் எட்டு வயதுக் குழந்தைகள் இருபத்தெட்டுப் பேர். மழைநாளில் வருவோர் இருபத்துநான்கு பேர் அளவில் இருப்பர். அறை இருபதடிக்கு இருபதடி. சிமெண்டுத் தளம், தகரக் கூரை, ஒரு பக்கம் தாழ்வாரம். சுவரைச் சுற்றிலும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை பூசப்பட்டிருந்தது. 2007ஆம் ஆண்டளவில் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் செயல்வழிக் கற்றல் என்ற முறை நடைமுறைக்கு வந்தபோது, ஒவ்வொரு குழந்தையும் தனக்கென ஓர் எழுதுமிடம் பெறும்படி இத்தகைய தாழ்பலகைகள் அமைக்கப்பட்டன. பின்னாளில் கற்பித்தல் முறைகள் மாறினாலும் பலகைகள் பல பள்ளிகளில் சுவரிலேயே தங்கின. மழைநாளில் அவற்றின் பயன் பெரிதாக இருந்ததைப் பின்னே காணலாம்.

மழைநாள் என்றவுடன் பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றே. விளையாட்டு வேளை இல்லையாதலால் அந்நேரம் கணக்குக்கோ எழுத்துப் பயிற்சிக்கோ சென்றுவிடும். குழந்தைகள் வழக்கத்தைவிட நீண்ட நேரம் பாயில் அமர்ந்திருப்பார்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவிலான உடலியக்கம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மற்ற நாட்களில் கிராமத்துக் குழந்தை பள்ளிக்கு நடந்து வருவதிலும், இடைவேளையில் ஓடுவதிலும், மாலையில் தெருவில் ஆடுவதிலும் இந்த அளவு தானாகவே நிறைந்துவிடும். மழைநாளில் அப்பாவின் மிதிவண்டியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கும் குழந்தைக்கு இம்மூன்றும் ஒருசேர இல்லாமற் போகின்றன. ஆகவே அன்று ஈடுசெய்ய வேண்டியது நாற்பது நிமிட விளையாட்டு வேளை மட்டுமே என்று கணக்கிடுவது பிழை. குறைந்துபோவது நாள் முழுதுக்குமான அசைவு. கடைசிப் பாடவேளைக்கு மட்டும் மாற்று தேடாமல், காலை முதல் மாலை வரையிலான நாளையே அவ்வாசிரியை வேறுவிதமாக அடுக்கியதற்கு இதுவே காரணம்.

அவருடைய அடுக்கில் மூன்று வகை வேளைகள் இருந்தன. முதலாவது அசைவு வேளை: எல்லாக் குழந்தைகளும் எழுந்து உடலால் ஏதேனும் செய்யும் ஐந்து முதல் எட்டு நிமிடம். இரண்டாவது அமைதிப் பணி: ஆசிரியையின் குரல் தேவைப்படாமல், ஒரு குழந்தை தனியாகவோ இணையாகவோ இருபது நிமிடம் வரை தொடரக்கூடிய வேலை. மூன்றாவது இவ்விரண்டுக்கும் நடுவே வருவது. அதை அவர் தணிப்பு என்று அழைத்தார். ஓடிக்கொண்டிருந்த குழந்தையை உடனே உட்காரவைத்து எழுதச் சொன்னால் அதன் கை நடுங்கும், எழுத்து கோணும், பக்கத்துப் பிள்ளையை இடிக்கும். ஆதலால் அசைவைப் படிப்படியாகக் குறைத்து மூச்சைச் சீராக்கும் இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். அனுபவம் குறைந்த ஆசிரியர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தத் தணிப்பையே. அதை விட்டபின் வகுப்பு கட்டுக்கடங்காமல் போவதைக் கண்டு, உள்ளரங்க விளையாட்டே கூடாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகிறார்கள்.

தணிப்புக்கு அவர் கையாண்டவை எளியவை. குழந்தைகள் சுவரோரம் நின்று, இரு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து, சுவரையே நகர்த்துவதுபோல மெல்ல அழுத்தி, பத்து எண்ணும்வரை நின்று விடுவார்கள். இதை மூன்று முறை செய்வர். பிறகு பாயில் அமர்ந்து, ஒரு கையின் விரல்களை மற்றொரு கையின் சுட்டுவிரலால் மெல்ல வரைந்து, விரல் ஏறும்போது மூச்சை இழுத்து இறங்கும்போது விடுவார்கள். ஐந்து விரலும் முடிவதற்குள் பெரும்பாலான குழந்தைகளின் தோள்கள் தாழ்ந்துவிடும். தோள் தாழ்வதையே அவர் அடையாளமாகக் கொண்டார். தோள் தாழாத குழந்தையைப் பெயர் சொல்லி அதட்டாமல், புத்தகங்களை எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தருவார். கனமான பொருளைச் சுமந்து நடப்பதும் ஒருவகைத் தணிப்பு என்பதை அவர் வகுப்பறையிலேயே கண்டிருந்தார்.

இனி இடத்தின் கணக்கு. எட்டு வயதுக் குழந்தையின் உயரம் சராசரியாக நான்கடியை ஒட்டியது. கைகளை விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி உள்ள அகலமும் ஏறக்குறைய உயரத்துக்குச் சமம். எனவே யாரையும் இடிக்காமல் ஒரு குழந்தை துள்ளுவதற்கு நாலடிக்கு நாலடி, அதாவது பதினாறு சதுர அடி வேண்டும். அறையின் பரப்பு நானூறு சதுர அடி. அதில் மேசை, அலமாரி, ஈரப் பைகள் வைத்த மூலை, கதவு திறக்கும் இடம் ஆகியவை போக முந்நூறு மிஞ்சும். இருபத்துநான்கு குழந்தைகளுக்கு முந்நூற்றெண்பத்துநான்கு சதுர அடி தேவையாதலால் அனைவரும் ஒரே நேரத்தில் துள்ள அறையில் இடமில்லை. பன்னிரண்டு பேருக்கு நூற்றுத்தொண்ணூற்றிரண்டு சதுர அடியே போதும். மிச்ச இடத்தில் மற்றப் பன்னிரண்டு பேர் சுவரோரமாக அமரலாம். இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வகுப்பு முழுவதையும் எழுப்பிவிட்டால், முதல் இரண்டு நிமிடத்திலேயே ஒரு குழந்தையின் முழங்கை இன்னொரு குழந்தையின் மூக்கில் படும். பிறகு அன்று முழுவதும் அழுகையும் முறையீடுமாகவே கழியும்.

இதனால் அசைவு இருவகையாகப் பிரிந்தது. அனைவரும் சேர்ந்து செய்வது நின்ற இடத்திலேயே நிகழும்: எட்டி வான்தொடுதல், குனிந்து கால்விரல் தொடுதல், ஒற்றைக்காலில் நிற்றல், நின்ற இடத்தில் நடை. இவற்றுக்குக் கைகளை மேலும் கீழும் நீட்டவே இடம் வேண்டுமாதலால் இரண்டடிக்கு மூன்றடி போதும். தாவலும் நகர்வும் வேண்டிய விளையாட்டுகளோ பாதி வகுப்புக்கு மட்டும் ஒரு நேரத்தில் நடக்கும். மீதிப் பாதி வெறுமனே வேடிக்கை பார்த்தால் ஐந்து நிமிடத்தில் அவர்களே கலகத்துக்குக் காரணமாவார்கள். ஆகவே அமர்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆடுபவருள் ஒரு துணை உண்டு. துணை எத்தனை முறை சரியாகக் கால்பதித்தது என்பதைத் தாழ்பலகையில் கோடுகளாகக் குறிப்பதே அமர்ந்திருப்பவரின் வேலை: நான்கு நேர்கோடு, அவற்றின் குறுக்கே ஐந்தாவது கோடு. இருபத்தைந்து பேர் வந்துவிட்ட நாளில் மிஞ்சும் ஒரு குழந்தை சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளைக் கவனித்து நேரம் முடிவதை அறிவிக்கும். அந்தப் பொறுப்புக்குக் குழந்தைகளிடையே பெரும் போட்டி இருந்தது.

தகரக் கூரையில் வலுத்த மழை விழும்போது ஆசிரியரின் குரல் முன்வரிசையைக் கூடத் தாண்டுவதில்லை. அப்போது கத்திப் பேசுவதால் தொண்டை கட்டுவதோடு, ஆசிரியர் கத்துகிறார் என்பதே குழந்தைகளும் கத்துவதற்கான அனுமதியாகிவிடுகிறது. மழை ஓசையின் நடுவே வாய்மொழியாகப் புதுப்பாடம் நடத்த முயல்வது வீண் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. செய்தி கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூன்று பெரிய அட்டைகளில் பாதம், உதட்டில் விரல், விரித்த உள்ளங்கை ஆகிய மூன்று படங்களை வரைந்து ஆணியில் தொங்கவிட்டிருந்தார்: அசைவு, அமைதி, நில். உள்ளங்கைப் படம் உயர்ந்தால் பார்த்த குழந்தை தன் கையையும் உயர்த்த வேண்டும். உயர்ந்த கைகளைக் கண்டு மற்றவர்களும் உயர்த்துவார்கள். இதை மழை வந்தபின் கற்பிக்க முடியாது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களின் வெயில் நாட்களில், மைதானத்திலேயே அட்டைகளைக் காட்டிப் பழக்கியிருந்ததால்தான் அக்டோபரில் அவை பயன்பட்டன.

அந்த ஆசிரியை மழைக்காலங்களில் மீண்டும் மீண்டும் பின்பற்றிய ஒரு நாளின் போக்கு இவ்வாறு அமைந்தது. காலை ஒன்பதரை மணிக்கு வாசலில் இரண்டு கோணிச் சாக்குகள் விரிக்கப்பட்டிருக்கும். ஒன்றில் மண்ணையும் அடுத்ததில் ஈரத்தையும் துடைத்துவிட்டுத்தான் குழந்தை உள்ளே வரும். சிமெண்டுத் தளத்தில் ஈரப்பாதத்தோடு துள்ளுவதே மழைநாளின் மிகப்பெரிய அபாயம் என்பதால் இதில் விதிவிலக்கு இல்லை. நனைந்து வந்தவர்களுக்குத் தலை துவட்டப் பழைய பருத்தித் துண்டுகள் அலமாரியில் இருக்கும். முதல் அசைவு வேளை வருகைப் பதிவு முடிந்தவுடனேயே வந்துவிடும். ஈரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் உடலுக்கு வேண்டியது சூடு. அனைவரும் நின்ற இடத்திலேயே எட்டு நிமிடம்: முதலில் மெல்லிய நடை, பிறகு முழங்கால் உயர்த்திய நடை, பிறகு நாற்று நடுவது, நீர் இறைப்பது, வலை இழுப்பது எனக் குழந்தைகள் வீட்டில் கண்ட வேலைகளின் அசைவுகள். வலை இழுக்கும் அசைவைக் கடலோரக் குழந்தைகள் செய்யும்போது முதுகும் தோளும் தொடையும் ஒருசேர வேலை செய்வதை எவரும் பார்க்கலாம். எந்த உடற்பயிற்சி நூலும் அவர்களுக்கு அதைவிடச் சிறப்பாகக் கற்பித்துவிட முடியாது.

அதன்பின் தமிழ் வாசிப்பு. மேகம் மூடிய நாளில் அறை இருண்டிருக்கும், மின்சாரமும் பலமுறை போகும். எனவே தூரத்துக் கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலையை அவர் மழைநாளில் தவிர்த்தார். சன்னலோரத்திலும் தாழ்வாரக் கதவருகிலும் பாய்களை நகர்த்திப் போட்டு, இருவர் இருவராக ஒரே கதைப் புத்தகத்தைப் படிப்பார்கள். ஒருவர் ஒரு பக்கம் படிக்க மற்றவர் விரலால் வரியைப் பின்தொடர்வார். தமிழக அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளாகக் கண்டு பணிகளைத் தருவது. மலர் நிலையில் உள்ள குழந்தையையும் மொட்டு நிலையில் உள்ள குழந்தையையும் இணையாக்கினால் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டு வருவோர் தொகை குறையும். மழை ஓசையில் அதுவே பெரிய உதவி.

பதினொரு மணியளவில் இரண்டாம் அசைவு. தளத்தில் சுண்ணக்கட்டியால் ஓரடிக்கு ஒன்றாகப் பூச்சியம் முதல் பதினைந்து வரை எண்கள் எழுதப்பட்ட நான்கு கோடுகள் இருக்கும். கோட்டுக்கு மூவராகப் பாதி வகுப்பு நிற்கும். முதற்குழந்தை பூச்சியத்திலிருந்து மூன்று மூன்றாகத் தாவும்: மூன்று, ஆறு, ஒன்பது. எட்டு வயதுக் குழந்தை நின்ற இடத்திலிருந்து மூன்றடி தாவுவது முயன்றால் முடியும், ஆனால் எளிதல்ல; அதனால் தாவலுக்கு முன் கைவீசி முழங்கால் மடக்கும் முறையை அது தானாகவே கண்டுகொள்கிறது. முடியாத குழந்தை இடையில் ஓர் எண்ணைத் தொட்டுச் செல்லலாம். காலில் வலுக்குறைந்த குழந்தை ஒன்று அவ்வகுப்பில் இருந்தது. அது கோட்டோரம் அமர்ந்து ஒரு கொட்டாங்கச்சியை மூன்று மூன்றாக எண் மீது வீசிப் பதிக்கும், அதற்கும் கோடுகள் குறிக்கப்படும். மூன்றாம் வாய்ப்பாடு இவ்வாறு காலில் ஏறுவது கணக்குக்கு நல்லதே. ஆயினும் அதற்காகத்தான் தாவுகிறார்கள் என்று ஆக்கிவிடக் கூடாது என்பதில் ஆசிரியை உறுதியாக இருந்தார். விடையைத் தவறாகச் சொன்ன குழந்தையும் தாவியே தீர வேண்டும்.

மதிய உணவுக்குப் பின் முதல் அரைமணி நேரம் துள்ளலுக்கு ஏற்றதல்ல. வயிறு நிறைந்திருக்க, மழையின் குளிரும் சேர, குழந்தைகள் சோர்ந்திருப்பார்கள். அந்நேரம் பல்லாங்குழிக்கு உரியது. மரப்பலகைகள் எல்லோருக்கும் போதாதாகையால் தளத்திலேயே வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசையில் பதினான்கு வட்டங்களை வரைந்துகொள்வார்கள். குழிக்கு ஐந்து எனப் புளியங்கொட்டைகளை இட வேண்டும். பையிலிருந்து கொட்டையை எடுக்குமுன் மொத்தம் எத்தனை வேண்டும் என்று ஒவ்வொரு இணையும் கணக்கிட்டுத் தாழ்பலகையில் எழுத வேண்டும். எழுபது என்று வரும்வரை கொட்டைப் பை கிடைக்காது. ஒரு குழியின் கொட்டைகளை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வதும், கொட்டை தீர்ந்தபின் அடுத்த குழியிலிருந்து எடுத்துத் தொடர்வதும், வெறுமையான குழி வந்தால் அதை அடுத்த குழியில் உள்ளதை வென்றெடுப்பதும், நான்கு சேர்ந்த குழியைப் பசு என்று தனதாக்கிக்கொள்வதும் அவ்வூர்க் குழந்தைகள் பாட்டிமாரிடம் அறிந்தவை. கொட்டை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு: குன்றிமணி அழகாக இருப்பதால் சில வீடுகளில் அதையே பல்லாங்குழிக்கு வைத்திருப்பார்கள், அதன் விதை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு என்பதால் வகுப்பறைக்குள் அது ஒன்றுகூட வரலாகாது.

மற்றோர் அமைதிப் பணி மழையையே அளப்பது. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, வாய் அகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்று காலையிலேயே கூரையோரத்தையும் மரத்தையும் விட்டு விலகி, முற்றத்தின் திறந்த இடத்தில் செங்கற்களுக்கு நடுவே வைக்கப்படும். புட்டியின் அடி வளைந்திருந்தால் அந்த வளைவு மறையும்வரை முன்னதாக நீர் ஊற்றி, நீர்மட்டத்தில் பூச்சியக் கோடு இட்டுவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அளவு தவறும். மழை ஓய்ந்த இடைவெளியில் ஆசிரியையே அதை எடுத்து வருவார். இடி மின்னல் நாளில் மாலை வரை காத்திருப்பார். குழந்தைகள் அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் படித்து எழுதுவார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். தளத்தில் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தை வரைந்து, புட்டி பதினெட்டு என்று காட்டினால் பதினெட்டு லிட்டர்ப் பாட்டில்களை அச்சதுரத்துக்குள் அடுக்க முயல்வார்கள். பாட்டில் போதாதபோது வெற்று வட்டங்களை வரைந்துகொள்வார்கள். முற்றத்தில் ஏன் இவ்வளவு நீர் நிற்கிறது என்ற கேள்விக்கு அந்தச் சதுரமே விடை தந்தது.

நாளின் கடைசிப் பாடவேளைதான் கால அட்டவணையில் விளையாட்டு என்று எழுதப்பட்டது. மழைநாளிலும் அந்த நாற்பது நிமிடம் விளையாட்டுக்கே விடப்பட்டது. பாய்களைச் சுருட்டித் தளத்தைத் துடைக்க நான்கு நிமிடம். பிறகு அரைமணி நேரம் ஐந்தைந்து நிமிட மாற்றங்களாக இரு பாதிகளும் மும்மூன்று முறை ஆடும். எஞ்சிய ஆறு நிமிடம் தணிப்புக்கும் பை எடுப்பதற்கும். ஒரு மாற்றம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அமர்ந்திருப்போர் பொறுமை இழப்பார்கள், மூன்றுக்குக் குறைந்தால் ஆடுவோருக்கு மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும்.

எந்த விளையாட்டை உள்ளே கொண்டுவருவது என்பதில்தான் ஆசிரியையின் பட்டறிவு மிகுதியும் வெளிப்பட்டது. குலை குலையா முந்திரிக்காய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட்டமாக அமர்ந்த பிள்ளைகளின் பின்னே ஒருவர் துணியுடன் ஓடி, யாருக்கும் தெரியாமல் ஒருவர் முதுகுக்குப் பின் அதைப் போட, போடப்பட்டவர் எழுந்து துரத்தும் இவ்விளையாட்டை அப்படியே அறைக்குள் ஆடினால், வட்டத்துக்கும் சுவருக்கும் இடையே இரண்டடிகூட இல்லாத மூலையில் ஓடுபவர் சுவரில் மோதுவார். அதற்காக அவ்விளையாட்டைக் கைவிடத் தேவையில்லை. ஓட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். ஓடுபவரும் துரத்துபவரும் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து அடிமேல் அடியாக நடக்க வேண்டும். இடைவெளி விட்டால் ஓரடி பின்வாங்க வேண்டும். வேகமெல்லாம் நிதானமாக மாறுவதால் உடல் சாயாமல் நிற்கும் முயற்சி கூடுகிறது, துரத்தலின் பரபரப்பும் குறைவதில்லை. வெளியே எப்போதும் தோற்கும் மெதுவான குழந்தைகள் இந்த ஆட்டத்தில் வென்றதும், வேகமான பிள்ளைகள் முதன்முறையாகத் தடுமாறியதும் வகுப்பினருக்கே வியப்பைத் தந்தன.

உள்ளே கொண்டுவரக் கூடாதவை இரண்டு வகை என்பது அவருடைய தீர்ப்பு. கண்ணைக் கட்டி ஆடுபவை ஒன்று; அலமாரி முனையும் கதவுக் கீலும் உள்ள அறையில் கண்ணாமூச்சிக்கு இடமில்லை. தோற்றவர் வெளியேறும் ஆட்டங்கள் மற்றொன்று. நாற்காலி சுற்றும் போட்டியில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் அதிகம் அசைய வேண்டிய குழந்தையே. ஒரு நிமிடம் ஆடிவிட்டு ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருக்கும் அக்குழந்தைக்கு அது விளையாட்டு ஆகாது. அதற்கு ஈடாகச் சிலை விளையாட்டு இருந்தது, பிள்ளைகள் ஸ்டாச்சு என்று சொல்வது. தட்டும் தாளம் நின்றதும் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தவர் வெளியேறுவதில்லை, அடுத்த தாளத்துக்கு எந்த அசைவு என்பதை அவரே சொல்ல வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதை மணிமுள் மட்டும் காட்டுவதில்லை. குழந்தைகளின் சிரிப்பு கீச்சென்ற கூச்சலாக உயர்வது, சுண்ணக்கோட்டை யாரும் பார்க்காமல் மிதிப்பது, ஒருவரையொருவர் தொட்டும் இழுத்தும் ஆடத் தொடங்குவது ஆகிய மூன்றில் இரண்டு தோன்றினால் ஐந்து நிமிடம் ஆகாவிட்டாலும் உள்ளங்கை அட்டை உயரும். அமைதிப் பணி அளவு மீறுவதற்கும் அடையாளம் உண்டு. "டீச்சர், தண்ணி குடிச்சுட்டு வரட்டுமா?" என்று ஒரு குழந்தை கேட்டால் அது தாகம், அடுத்தடுத்து நால்வர் கேட்டால் உட்கார்ந்தது போதும் என்று பொருள். பென்சில் சீவும் ஒலி பெருகுவதும் அதே செய்திதான். அப்போது அறிவுரை சொல்லிக் காலத்தை நீட்டாமல், திட்டத்தில் இல்லாவிட்டாலும் இரண்டு நிமிடம் அனைவரையும் எழுப்பிவிடுவதே நல்லது.

இம்முறைக்கு எல்லைகளும் இருந்தன. வகுப்பறை அசைவு மைதானத்தின் ஓட்டத்துக்கு ஈடாவதில்லை. நாள் முழுதும் கூட்டினாலும் மூச்சு வாங்கும் அளவிலான அசைவு ஒரு குழந்தைக்கு அரைமணிக்குள்தான் கிடைத்தது. இரண்டு வகுப்புகளை ஓரறையில் சேர்க்க நேர்ந்த நாட்களில் பாதிப்பாதி முறைகூட இடிந்து, நின்ற இடத்து அசைவு மட்டுமே மிஞ்சியது. அடுத்த அறையில் தேர்வு நடக்கும்போது தாவல் ஓசை தொந்தரவாகும் என்பதால் குதிகால் படாமல் முன்பாதத்தில் இறங்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்த வேண்டியிருந்தது. தொடர்ந்து நான்கைந்து நாள் மழை நீடித்தால் அதே ஆட்டங்கள் சலித்துவிடும். அப்போது புதிய ஆட்டத்தை ஆசிரியர் தேடுவதைவிடக் குழந்தைகளிடமே பழைய ஆட்டத்தின் விதி ஒன்றை மாற்றச் சொல்வது பலன் தந்தது.

மூன்றாம் வகுப்பை நடத்துவோர் இவற்றுள் எதை ஏற்றாலும் எதைத் தள்ளினாலும், ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு வேலையை முடித்து வைத்துக்கொள்ள வேண்டும்: அறையை நாடாவால் அளந்து, எத்தனை குழந்தைகள் ஒரே நேரத்தில் கைவிரித்து நிற்கலாம் என்று கணக்கிட்டு, அந்த எண்ணிக்கையையும் தளத்துக் கோடுகளையும் மறையாத வண்ணத்தில் எழுதிவிட வேண்டும். மழை தொடங்கியபின் ஈரத்தளத்தில் சுண்ணக்கட்டி பிடிப்பதில்லை.